சுருக்குப்பையில் எத்தனை கல்? தராசை வைத்துச் சமன்பாடு சொல்லித்தர ஒரு வழிகாட்டி

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பலகையில் 8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்துக்குள் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். பலர் யோசிக்காமல் 12 என்பார்கள். சிலர் கண்ணில் படும் எண்களை எல்லாம் கூட்டி 17 என்பார்கள். 7 என்று சொல்பவர்கள் இருந்தால், அவர்களுக்கு இந்த விளையாட்டின் முதல் பாதி தேவையில்லை.

12 என்று சொல்லும் பிள்ளைக்குக் கூட்டல் தெரியும். அதற்குத் தெரியாதது நடுவில் இருக்கும் சமக்குறி. ஒன்றாம் வகுப்பிலிருந்தே கணக்கு இடது பக்கம், விடை வலது பக்கம் என்று பார்த்துப் பழகியதால், = என்றால் "விடையை இங்கே எழுது" என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. இந்த நிலையில் ஏழாம் வகுப்பில் 3x + 2 = x + 8 என்று ஒன்று வந்து நின்றால், விடை வர வேண்டிய இடத்தில் இன்னொரு கணக்கு உட்கார்ந்திருக்கிறதே என்று பிள்ளை திகைத்துப் போகிறது. நாம் உடனே "அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸ் ஆகும்" என்று ஒரு மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்து ஒப்பேற்றிவிடுகிறோம். மந்திரம் பரீட்சை வரைக்கும் தாங்கும், அவ்வளவுதான்.

இதற்குப் பதிலாக ஒரு தராசு, நாற்பது கல், ஏழெட்டு சுருக்குப்பை, கொஞ்சம் துணித்துண்டு இருந்தால் போதும். பள்ளி ஆசிரியர்கள், மாலையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லித்தருபவர்கள், வீட்டில் சொந்தப் பிள்ளைக்கே சொல்லித்தருபவர்கள் என யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் பொருள்களைச் சரியாகத் தயார் செய்யாவிட்டால் தராசு பொய் சொல்லும். அதனால் தயாரிப்பைப் பற்றித்தான் முதலில் நிறையச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தராசு

ஸ்கேலை ரப்பர் மேல் ஏற்றமரம் மாதிரி வைத்துத் தராசு செய்வதைப் பலர் காட்டுவார்கள். இந்த விளையாட்டுக்கு அது வேண்டாம். அதில் கல்லை ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி வைத்தாலே சாய்வு மாறிவிடும், பிள்ளைகள் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கல்லை நகர்த்தி நகர்த்திச் சமப்படுத்தப் பார்ப்பார்கள். தட்டு கயிற்றில் தொங்க வேண்டும். தொங்கும் தட்டில் கல்லை ஓரத்தில் வைத்தாலும் நடுவில் வைத்தாலும் கோலின் நுனியில் விழும் எடை ஒன்றுதான்.

துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் தட்டைத் தொங்கவிடுவது இன்னொரு சுலப வழி. கோலிக்குண்டு போன்ற லேசான பொருளுக்கு அது தாங்கும். கனமான கல்லுக்கு ஹேங்கர் மந்தம். அதன் கொக்கி கைகளுக்கு மேலே ரொம்ப உயரத்தில் இருப்பதால், இரண்டு தட்டிலும் பத்துப் பத்துக் கல் இருக்கும்போது ஒரு கல் கூடினாலும் லேசாகத்தான் சாயும், பின்வரிசைப் பிள்ளைக்குத் தெரியாது.

நான் பரிந்துரைப்பது மரக்கடையில் கிடைக்கும் ரீப்பர் கட்டை. இரண்டடி நீளம், ஓர் அங்குல உயரம், அரை அங்குலப் பருமன் இருந்தால் போதும். சரியாக நடுவில், மேல் விளிம்பில், தலை வளையமாக இருக்கும் ஸ்க்ரூ ஆணி ஒன்றைத் திருகிவிடுங்கள். இரண்டு முனையிலும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில், கட்டையின் கீழ் விளிம்பை ஒட்டி, ஆளுக்கொரு துளை போடுங்கள். துளைகளில் கயிறு கட்டி ஒரே அளவுத் தட்டுகளைத் தொங்கவிட்டு, வளையத்தில் நூல் கோத்து ஜன்னல் கம்பியிலோ கதவு நிலையிலோ மாட்டிவிடலாம்.

துளைகள் ஏன் கீழ் விளிம்பில்? கோல் தொங்கும் புள்ளி, தட்டுகள் தொங்கும் புள்ளிகளைவிட மேலே இருந்தால்தான் தராசு ஆடி அடங்கி நிற்கும். மூன்றும் ஒரே கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தராசு கூர்மையாகிவிடும், அரை கிராமுக்கும் ஆடும். நகைக்கடைக்கு அது நல்லது. நமக்கோ கற்கள் துல்லியமாக ஒரே எடையில் இருக்கப்போவதில்லை, அந்தச் சின்ன வித்தியாசத்தை எல்லாம் கண்டுகொள்ளாத தராசுதான் வேண்டும். வளையத்தின் மேற்புறத்துக்கும் துளைகளுக்கும் இடையே உயரம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் இருந்தால் இரண்டும் கெடாது. ஒரு கல் கூடினால் அந்த முனை நான்கு விரல் அளவு நன்றாக இறங்கும், இரண்டு கிராம் கூடினால் இறங்குவது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

மாட்டிய பிறகு இரண்டு சோதனை. காலித் தட்டோடு கோல் கிடைமட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள், நிற்காவிட்டால் லேசான பக்கத்துக் கையில் ஒரு துணி கிளிப்பை மாட்டி முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யலாம். அப்புறம் இரண்டு தட்டிலும் எதையாவது கனமாக வைத்துச் சமப்படுத்திவிட்டு, தட்டில் இருப்பவற்றை அப்படியே பக்கம் மாற்றிப் போடுங்கள். மாற்றிய பிறகும் சமமாக நின்றால் இரண்டு கையும் ஒரே நீளம். சாய்ந்தால் துளை போட்டதில் தூரம் பிசகியிருக்கிறது என்று அர்த்தம், கிளிப்பால் இதைச் சரிசெய்ய முடியாது, துளையைத்தான் மாற்ற வேண்டும்.

மின்விசிறிக்கு நேர் கீழே மாட்டாதீர்கள். சென்னையில் மே மாதம் விசிறியை நிறுத்திவிட்டுப் பாடம் எடுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனசு வராது, அதனால் சுவர் ஓரமாக ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்

மெரினாவில் பொறுக்கலாம் என்று போனால் மணலும் கிளிஞ்சலும்தான் கிடைக்கும். வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் ஜல்லி கூராக இருக்கும், பையைக் கிழிக்கும், எடையும் தாறுமாறு. மீன் தொட்டிக்குப் போடும் கூழாங்கல் நல்லது. கொளத்தூர்ப் பக்கம் அலங்கார மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன, செடி நாற்றங்காலிலும் கேட்டுப் பார்க்கலாம். தேவைக்கு மேலேயே வாங்குங்கள், கழித்துக்கட்ட வேண்டியது நிறைய இருக்கும்.

வாங்கிய கற்களைச் சமையலறை டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக வைத்து, 29 கிராமிலிருந்து 31 கிராமுக்குள் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் சலித்துக்கொண்டு "பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று கண்ணளவில் பொறுக்கினால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே அளவாகத் தெரியும் கூழாங்கற்களில் 25 கிராமும் இருக்கும், 35 கிராமும் இருக்கும். மூன்று குண்டுக் கல் ஒரு பக்கமும் மூன்று ஒல்லிக் கல் மறுபக்கமும் சேர்ந்துவிட்டால் ஒரு முழுக்கல் வித்தியாசம் வந்துவிடும், 3 = 3 என்று காட்ட வேண்டிய தராசு சாய்ந்து நிற்கும். நாற்பது கல் தேறாவிட்டால், மணலை 30 கிராம் வீதம் நிறுத்துச் சின்னத் துணியில் பொட்டலமாகக் கட்டி அதையே கல்லாக வைத்துக்கொள்ளலாம், ஆடுவதில் ஒரு குறையும் இல்லை.

பை, அப்புறம் துணி

தையல்கடையில் கேட்டால் வெட்டுத் துண்டு கிடைக்கும். அழுத்தமான நிறத்தில், உள்ளே இருப்பது தெரியாத பருத்தித் துணியாகப் பார்த்து எடுங்கள். பழைய வேட்டி லேசாக இருக்குமே என்று தோன்றும், ஆனால் வெளிச்சத்தில் கல் அப்படியே தெரியும். பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை மாதிரி, வாயில் நாடா கோத்து, எல்லாம் ஒரே துணியில் ஒரே அளவில் எட்டுப் பை தைத்துக்கொள்ளுங்கள். கல்லை எண்ணிவிடாமல் இருக்கப் பையை நாடாவைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்பது முதல் நாளே போடும் சட்டம். அதையும் மீறி ஒருவன் தடவிப் பார்த்து "மூணு" என்பான், எல்லா வகுப்பிலும் அப்படி ஒருவன் உண்டு. அவனைப் பை வைக்கும் வேலையில் போட்டுவிடுங்கள்.

இப்போது யாரும் கவனிக்காத விஷயத்துக்கு வருவோம். பைக்கும் எடை உண்டு. நாடாவோடு ஒரு பை ஐந்து கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இடது தட்டில் மூன்று பை, வலது தட்டில் பையே இல்லை என்றால், இடது பக்கம் வெறும் துணியே 15 கிராம் கூடுதல், அதாவது அரைக் கல். கணக்குப்படி சமமாக நிற்க வேண்டிய தராசு இடது பக்கம் சாயும்.

இதற்கு வழி, எண்ணெய்க் கடையில் பாத்திரத்துக்குத் தடை கட்டுவது போலத்தான். அதே துணியில், ஒவ்வொன்றும் காலிப் பையின் எடைக்குச் சமமாக எட்டுத் துணித்துண்டுகளை மடித்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் பை கூடுதலாக இருக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்தில், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு பைக்கும் ஒரு துணித்துண்டு. இடது 3 பை, வலது 1 பை என்றால் வலது தட்டில் 2 துண்டு. இந்தத் துண்டுகளைக் கற்களோடு கலக்காமல் தட்டுக்கு அடியில் ஒரு கிளிப் வைத்து மாட்டிவிட்டால் பிள்ளைகளைக் குழப்பாது.

இதை முதல் நாளே விளக்க வேண்டியதில்லை. சும்மா மாட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் யாராவது ஒரு பெண் "அக்கா, அந்தத் துணி எதுக்கு தொங்குது?" என்று கேட்பாள். அப்போது துணியைக் கழற்றிக் காட்டுங்கள், தராசு சாயும். காரணத்தை அவர்களே சொல்லட்டும்.

ஆட்டம் தொடங்குமுன்

இப்போது காய்கறி வண்டியிலும் டிஜிட்டல் தராசு வந்துவிட்டதால் இரட்டைத் தட்டுத் தராசைக் கையால் தொட்டுப் பார்க்காத பிள்ளைகள் நிறைய. பழைய பேப்பர்க்காரரிடம் பார்த்திருந்தால் உண்டு. அதனால் முதல் பத்து நிமிடம் எதுவும் சொல்லித்தராதீர்கள். பென்சில் பாக்ஸ், செருப்பு, டிபன் பாக்ஸ் எதை வேண்டுமானாலும் வைத்து ஆடட்டும். கனமான பக்கம் கீழே போகும் என்பது எல்லாருக்கும் தெரியும் என்று நாம் நினைக்கிறோம், "மேலே போனதுதான் பெருசு" என்று வாதாடும் பிள்ளையும் உண்டு.

எது சமம் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். கோலுக்குப் பின்னால் சுவரில் கிடைமட்டமாக ஒரு கோடு போட்டு, கோலின் முனை அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரல் அளவுக்குள் நின்றால் சமம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பேசாமல் விட்டால் பாதி நேரம் "இல்லக்கா, லேசா சாயுது" சண்டையிலேயே போய்விடும்.

வெறும் கல்லை வைத்து

இடது தட்டில் 8 கல்லையும் அப்புறம் 4 கல்லையும் வையுங்கள். வலது தட்டில் 5 கல். இன்னும் எத்தனை வைத்தால் சமமாகும்? முன்பு 12 என்று சொன்ன பிள்ளையையே கூப்பிட்டு 12 கல்லை வைக்கச் சொல்லுங்கள். வலது தட்டு சடாரென்று கீழே போகும். நீங்கள் தப்பு என்று சொல்ல வேண்டியதே இல்லை, அதுவே கற்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பிக்கும், 7 மிச்சமிருக்கும்போது தராசு நேராகும். அதன்பிறகு பலகையில் 8 + 4 = 7 + 5 என்று எழுதுங்கள். வலது பக்கத்தில் ஒற்றை எண் இல்லாத ஒரு வரியைச் சமக்குறியோடு பார்ப்பது சில பிள்ளைகளுக்கு இதுவே முதல் தடவையாக இருக்கும். 7 + 5 = 8 + 4 என்று திருப்பியும், 12 = 8 + 4 என்று விடையை முன்னால் போட்டும் எழுதிக் காட்டுங்கள்.

இந்தக் குறியை 1557இல் முதலில் அச்சில் கொண்டுவந்த வேல்ஸ் நாட்டுக்காரர் ராபர்ட் ரெக்கார்ட், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறெதுவும் இருக்க முடியாது என்று காரணம் சொன்னார். கிடைமட்டமாக நிற்கும் கோலைக் காட்டி இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நேரமில்லை என்றால் விட்டுவிடலாம்.

பை வருகிறது

இனி நீங்கள் மறைவாகப் பையில் கல் போடுகிறீர்கள். சட்டம் ஒன்றுதான், ஓர் ஆட்டத்தில் எத்தனை பை வந்தாலும் எல்லாப் பையிலும் ஒரே எண்ணிக்கைக் கல்தான் இருக்கும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பையில் 2, இன்னொரு பையில் 4 இருக்கலாமே என்று பிள்ளைகள் நினைப்பதில் தப்பில்லை, நாம் சொன்னால்தான் தெரியும்.

முதலில் ஒரு பையும் 4 கல்லும் இடது பக்கம், 9 கல் வலது பக்கம். இதைத் தராசைத் தொடாமலே 5 என்று சொல்லிவிடுவார்கள். சொல்லட்டும். அடுத்து 3 பை, 12 கல். இதையும் சொல்லிவிடுவார்கள். அதற்கடுத்து 2 பையும் 3 கல்லும் ஒரு பக்கம், 11 கல் மறுபக்கம். இங்கே கொஞ்சம் தயங்குவார்கள். இந்த மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடுங்கள், மனக்கணக்கில் விழும் புதிருக்குத் தராசு தேவைப்படாது. தராசு தன் வேலையைக் காட்டுவது இரண்டு பக்கமும் பை வரும்போதுதான்.

ஒரு புதிரை முழுசாகப் பார்ப்போம்

ஒவ்வொரு பையிலும் 3 கல் போட்டு நாடாவை இழுத்துக் கட்டிவிடுங்கள். இடது தட்டில் 3 பை, 2 கல். வலது தட்டில் 1 பை, 8 கல். வலது தட்டுக்கு அடியில் 2 துணித்துண்டு. இரண்டு பக்கமும் மொத்தம் 11 கல் கனம்தான், தராசு நேராக நிற்கும். பலகையில் இப்படி எழுதுங்கள்:

3x + 2 = x + 8

x என்றால் என்ன என்பதை இந்த இடத்திலேயே கறாராகச் சொல்லிவிட வேண்டும். x என்பது பை அல்ல. x என்பது ஒரு பைக்குள் இருக்கும் கற்களின் எண்ணிக்கை, அது ஒரு எண். "3x என்றால் மூன்று பை" என்று பழகிய பிள்ளை, நாளைக்குப் பேனாவின் விலை x ரூபாய் என்று வரும்போது x என்றால் பேனா என்று நினைக்கும், அங்கே எல்லாம் குழம்பிவிடும். நோட்டில் படம் வரையும்போதும், பைப் படத்துக்குள் x என்று எழுதச் சொல்லுங்கள், பைக்கு வெளியே அல்ல.

இப்போது விதி. தராசு சாயாமல் தட்டில் இருப்பதைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், கடைசியில் ஒரு பை மட்டும் ஒரு பக்கம் மிஞ்ச வேண்டும். யாராவது வந்து செய்யட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

முதலில் வருபவர் பெரும்பாலும் கல்லைத்தான் எடுப்பார். இடது பக்கத்து 2 கல்லை எடுத்ததும் தராசு வலது பக்கம் சாயும். என்ன செய்தால் மறுபடி நேராகும் என்று கேளுங்கள், வலது பக்கமும் 2 எடு என்று மொத்த வகுப்பும் கத்தும். எடுத்ததும் உடனே, அடுத்த ஆள் எழுந்திருப்பதற்குள், பலகையில் அடுத்த வரி வந்துவிட வேண்டும்:

3x = x + 6

தராசில் ஒரு வேலை, பலகையில் ஒரு வரி. இந்த ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். எல்லாவற்றையும் ஆடி முடித்துவிட்டு அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் ஆட்டம் தனியாகவும் இயற்கணிதம் தனியாகவும் நின்றுவிடும். பிள்ளைகள் தராசில் சரியாகச் செய்வார்கள், நோட்டில் பழையபடி திணறுவார்கள்.

அடுத்தது பை. இங்கேதான் நல்ல தப்பு ஒன்று வரும். "ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு எடுக்கணும்" என்று சொல்லி இடது பக்கம் ஒரு பையும் வலது பக்கம் ஒரு கல்லும் எடுப்பார்கள். எடுத்தால் எடுக்கட்டும், தராசு வலது பக்கம் சாய்ந்து காட்டிவிடும். "ஒண்ணுதானே எடுத்தேன்?" என்ற முகத்தோடு நிற்கும் பிள்ளையிடம், அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் கல்லைத் திருப்பி வைத்துவிட்டு வலது பக்கத்துப் பையைத் தூக்கும். தராசு நேராகும்.

2x = 6

இப்போது இடது தட்டில் 2 பை, வலது தட்டில் 6 கல்லும் அடியில் 2 துண்டும். சிலர் "ஆறுல ரெண்டு போனா நாலு" என்பார்கள். இதுவரை எடுத்துக்கொண்டே வந்தோம் இல்லையா, அந்தப் பழக்கம்தான். சொல்வதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பையில் 4 கல் என்றால், ஒரு பை மட்டும் இருக்கும்போது எதிரே 4 கல் இருக்க வேண்டும். இடது பக்கம் ஒரு பையை எடுத்து, வலது பக்கம் 2 கல்லை எடுத்து (பை குறைந்ததால் ஒரு துணித்துண்டையும் கழற்றி) பார்த்தால் வலது பக்கம் ஒரு கல் அளவு இறங்கி நிற்கும்.

மறுபடி எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, வலது தட்டுக் கற்களை இரண்டு சம குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பைக்கு எதிரே ஒரு குவியல், ஒரு துணித்துண்டு. இடது பக்கத்தில் பாதியை எடுத்தால் வலது பக்கத்திலும் பாதி. மிஞ்சுவது ஒரு பை, 3 கல்.

x = 3

பையைத் திறந்து பார்க்க எல்லாரும் துடிப்பார்கள். திறக்கும் முன், முதல் வரியில் x இருக்கும் இடத்தில் எல்லாம் 3 போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இடது பக்கம் 3 × 3 + 2 = 11, வலது பக்கம் 3 + 8 = 11. சரியாக வந்தவர்தான் பையைத் திறக்கலாம் என்று வைத்தால், சரிபார்ப்பது என்ற, யாருக்கும் பிடிக்காத அந்த வேலை, இங்கே பரிசுக்கான சாவியாகிவிடும். பரீட்சைக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

யாராவது டியூஷனில் "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று ஏற்கெனவே கற்றுவந்திருப்பார்கள். அவர்களைத் திட்ட வேண்டாம். 3x + 2 = x + 8 என்ற அதே புதிரை மறுபடி வைத்து, அந்த 2 கல்லை இடது தட்டிலிருந்து எடுத்து வலது தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். இடது பக்கம் 2 குறைந்து வலது பக்கம் 2 கூடி, மொத்தம் 4 கல் வித்தியாசத்தில் தராசு குப்புற விழும். கல் எந்தப் பக்கமும் போகவில்லை, இரண்டு பக்கத்திலிருந்தும் எடுக்கப்பட்டது, அதைச் சுருக்கி எழுதும்போது பக்கம் மாறின மாதிரி தெரிகிறது என்று அதன்பிறகு சொன்னால் புரியும். சுருக்குவழியைத் தடை செய்ய வேண்டியதில்லை, எதன் சுருக்கம் என்று தெரிந்தால் போதும்.

பிள்ளைகளே புதிர் போடட்டும்

நான்கைந்து புதிர் ஆனதும் இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் புதிர் போட மற்றவர் விடுவிக்க விடுங்கள். புதிர் போடுபவர் முதலில் பையில் எத்தனை கல் என்று ரகசியமாக முடிவுசெய்து, எல்லாப் பையிலும் அதைப் போட்டு, பிடித்த மாதிரி இரண்டு தட்டிலும் பைகளை வைத்துவிட்டு, சமமாகும் வரை கல் சேர்க்கலாம். புதிர் போடுவதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கே சீக்கிரம் தெரிந்துவிடும். கையில் இருக்கும் நாற்பது கல்லுக்குள் அடங்க வேண்டும் என்பதால் பைக்கு ஐந்து கல்லுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பையில் ஒன்று, வெளியே ஒன்று என்று எண்ணிப் பார்த்தால் நாற்பது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இதில் ஒரு விஷமப் புதிர் தானாகவே வரும். யாராவது இரண்டு பக்கமும் 2 பையும் 3 கல்லும் வைத்துவிடுவார்கள். விடுவிப்பவர் எடுக்க எடுக்க, இரண்டு தட்டும் காலியாகிவிடும், தராசு நேராக நிற்கும், x எத்தனை என்றே தெரியாது. "இது போங்கு" என்பார்கள். அப்படி விட்டுவிடாதீர்கள். பையில் 1 கல் இருந்தால் இந்தத் தராசு சாயுமா, 5 இருந்தால் சாயுமா என்று கேளுங்கள். எத்தனை இருந்தாலும் சாயாது என்று தெரிந்ததும், எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வரும் சமன்பாடும் உண்டு என்பது புரிந்துவிடும். அதேபோல, இடது பக்கம் 2 பையும் 3 கல்லும், வலது பக்கம் 2 பையும் 5 கல்லும் வைத்தால் எப்படியும் சமமாகாது. மேல்வகுப்பில் தீர்வே இல்லாத சமன்பாடு என்று வரும்போது கையில் பிடித்துப் பார்த்த ஞாபகம் இருக்கும்.

தராசு எங்கே நிற்கும்

எட்டாம் வகுப்புக் கணக்குக்கெல்லாம் இதை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். 2x = 7 என்று வந்தால் மூன்றரைக் கல் வேண்டும். பையைப் பிரித்துப் போட அரைக் கல் இல்லை. பிள்ளைகள் தராசு தப்பு என்றுகூடச் சொல்வார்கள். தாளில் விடை உண்டு, தட்டில்தான் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். x + 5 = 3 என்பதைத் தட்டில் வைக்கவே முடியாது, எடையே இல்லாததைவிடக் குறைவான பை எங்கே கிடைக்கும்? பலூன் கட்டித் தூக்குவதாகக் கற்பனை செய் என்று சிலர் சொல்லித்தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஒரு சிக்கலை விளக்க இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிற வேலை. x − 4 = 6 என்பதற்கும் இதே நிலைதான்.

இந்த மாதிரிக் கணக்குகள் வரும்போது தராசை மூலையில் வைத்துவிட்டு நோட்டுக்குப் போய்விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய் என்ற விதி மட்டும் கூடவே வரட்டும். x − 4 = 6 என்றால் இரண்டு பக்கமும் 4 கூட்டு, x + 5 = 3 என்றால் இரண்டு பக்கமும் 5 கழி. ஆறாம் வகுப்பில் மாறி அறிமுகமாகும்போது வெறும் கல் ஆட்டமும் ஒற்றைப் பை ஆட்டமும், ஏழாம் வகுப்பில் சமன்பாடு வரும்போது இரண்டு பக்கமும் பை வைத்து ஆடுவதும் என்று பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வகுப்பு போதும். தராசைப் பார்க்காமலே "ரெண்டு பக்கமும் ஒரு x எடுத்துடு" என்று பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம்.

ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது கற்களை எண்ணி நாற்பதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், யாராவது பம்பரத்தோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். பதிலுக்கு வாசலில் கிடக்கும் கல் ஒன்றைப் போட்டுக் கணக்கை நேர்செய்து வைத்தாலும் ஆபத்துதான், அடுத்த வகுப்பில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே நிற்கும், எதனால் என்று தெரியாது. புதிதாக எந்தக் கல் வந்தாலும் நிறுத்துப் பார்த்த பிறகே டப்பாவில் சேருங்கள்.